பதில் கேட்காத அறச்சீற்றம்

நம் எழுத்தாளர்களுக்கு ஊழல் என்றால் உடனே கோபம் வந்துவிடுகிறது. கோபம் வந்ததும் ஒரு பதிவு. பதிவுக்கு ஆதாரமாகக் கைப்பேசியில் எடுத்த ஒரு கடிதத்தின் படம். கடிதத்தின் மேல்பாதி வெட்டுப்பட்டிருக்கும், தேதி இருக்காது, யாருக்கு எழுதியது என்று தெரியாது. கீழே இருநூறு பேர் "செருப்படி தோழர்" என்று எழுதியிருப்பார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரியிடமோ குத்தகையாளரிடமோ ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று விசாரித்தால், "அவனுங்ககிட்ட ஏன் கேக்கணும்? கேட்டா உஷாராயிடுவானுங்க" என்று பதில் வரும்.

இந்தப் பதில்மேல்தான் எனக்குச் சண்டை. குற்றம்சாட்டப்படுகிறவரிடம் கேட்பதை ஒரு மரியாதையாக, அல்லது பயந்தவன் செய்யும் வேலையாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நம் ஆவணங்கள் தாங்குமா உடையுமா என்று பார்க்கும் கடைசிச் சோதனை அதுதான். அதைத் தவிர்ப்பவர் எதிராளியைத் தப்பவிடாமல் இருக்கவில்லை. தன் கட்டுரையைச் சோதனையிலிருந்து தப்பவைக்கிறார்.

நான் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தே ஆரம்பிக்கிறேன். செபராங் பிறை மாநகர் மன்றத்தின் தலைமையகம் இங்கே பண்டார் பெர்டாவில்தான் இருக்கிறது. ஒரு சாலையோர லொங்காங்கைச் சீரமைக்க ஒரே மாதத்தில் நான்கு செபுட் ஹர்கா விட்டார்கள் என்று ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே லொங்காங்கின் நான்கு துண்டுகள். ஒவ்வொன்றின் தொகையும் டெண்டர் விட வேண்டிய வரம்புக்குச் சற்றுக் கீழே. கலந்துகொண்ட நிறுவனங்களில் இரண்டுக்கு ஒரே பதிவு முகவரி. நம் பதிவர் என்றால் இந்நேரம் தலைப்பே வைத்திருப்பார்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு காலவரிசை போட வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்வு: அன்று என்ன நடந்தது, எந்த ஆவணம் அதைச் சொல்கிறது, எத்தனையாவது பக்கம், யார் கையெழுத்து, அந்த ஆவணம் நம் கைக்கு எப்போது எப்படி வந்தது. இதில் இரண்டு தேதிகளைக் குழப்பக் கூடாது. ஆவணத்தில் உள்ள தேதி வேறு, நமக்குக் கிடைத்த தேதி வேறு. மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, நகலுக்கு `2019-03-04_workorder_p2.pdf` என்பதுபோல் தேதியை முன்னால் போட்டுப் பெயரிட்டால் கணினியே கோப்புகளை வரிசைப்படுத்திவிடும். இல்லாத ஆவணத்துக்கும் ஒரு வரிசை ஒதுக்க வேண்டும். வேலை ஆணை இருக்கிறது, விலைகளை ஒப்பிட்ட அறிக்கை இல்லை என்றால் அந்த வெற்றிடத்தையும் எழுதி வையுங்கள். பின்னால் கேட்க வேண்டிய கேள்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வரிசை போட்டதும் சில விஷயங்கள் தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும். விலை கேட்பு முடிவதற்கு முன் தேதியிட்ட வேலை ஆணை, வேலை தொடங்கும் முன்பே கையெழுத்தான நிறைவுச் சான்றிதழ் போன்றவை. சில விஷயங்கள் அடங்கியும் போகும். வரம்பு என்று சொன்னேனே, அது காலத்துக்குக் காலம் மாறுவது. இன்றைய வரம்பை வைத்து அன்றைய வேலையை அளந்தால் கட்டுரையின் முதுகெலும்பே கோணல். வேலையைத் துண்டுபோட்டு டெண்டரைத் தவிர்ப்பதைக் கருவூல விதிகள் தடுக்கின்றன, சரி. ஆனால் நான்கு துண்டும் ஒரே வேலைதான் என்று நாம்தான் காட்ட வேண்டும். வரைபடம், திட்ட மதிப்பீடு, ஒதுக்கீடு இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது அது முழு வேலையாக இருந்திருக்க வேண்டும்.

இனி அந்த ஒரே முகவரிக்கு வருவோம். மலேசியாவில் நிறுவனங்களின் பதிவு முகவரி பல நேரம் அவர்களுடைய நிறுவனச் செயலாளரின் அலுவலகம்தான். ஒரே கடைவீட்டு மாடியில் பல நூறு நிறுவனங்கள் "இருக்கும்", ஒன்றுக்கொன்று முகம்கூடத் தெரியாது. நிறுவன ஆணையத்தில் காசு கட்டி வாங்கும் விவரத்தாளில் வணிக முகவரி தனியாக இருக்கும், இயக்குநர்கள் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்களும் தாளை வாங்கிய நாளின் நிலவரம்தான். செபுட் ஹர்கா நடந்த நாளில் யார் இயக்குநர் என்பதற்கு நியமனத் தேதியையும் விலகல் தேதியையும் தேட வேண்டும். இதை நாமே கண்டுபிடிக்கவில்லை என்றால், "ஐயா, அது எங்கள் செயலாளர் அலுவலகம்" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த வரி வெளியிடுவதற்கு முன் வந்தால் நமக்கு லாபம். வெளியிட்ட பின் வந்தால் உண்மையான மற்ற மூன்று குற்றச்சாட்டுகளையும் அது சேர்த்தே விழுங்கிவிடும்.

இதே சிக்கலைப் பெரிய அளவில் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது. மாநகராட்சிக் குத்தகைகளில் முறைகேடு என்று தமிழ்ச்சூழலில் ஆவணங்களோடு எழுந்து நீதிமன்றம்வரை போன வழக்கு அங்கேதான் இருக்கிறது. சென்னை, கோவை மாநகராட்சி டெண்டர்கள் குறித்து அறப்போர் இயக்கம் 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் கொடுத்தது. போட்டியாளர்கள் என்று சொல்லப்பட்ட நிறுவனங்களின் ஒப்பந்தப்புள்ளிகள் ஒரே ஐபி முகவரியிலிருந்து இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன என்பது அதில் முக்கியமான ஒரு வாதம்.

நல்ல கண்டுபிடிப்புதான், சந்தேகமே இல்லை. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஐபி என்றால் ஒரே இணைய இணைப்பு. ஒரே ஆள் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரே கணினி மையத்தில் பணம் கொடுத்து இரண்டு பேர் ஏற்றியிருக்கலாம். ஆனால் அதே இணைப்பிலிருந்து சில நிமிட இடைவெளியில் ஏறியிருந்து, முன்வைப்புத் தொகைக்கான வரைவோலைகளும் ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் வாங்கப்பட்டிருந்து, அது ஒரு டெண்டரில் இல்லாமல் பல டெண்டர்களில் திரும்பத் திரும்ப நடந்திருந்தால் அந்தக் கணினி மையக் கதை மெலிந்துகொண்டே போகும். "இந்த ஒப்பந்தப்புள்ளியை எந்த இடத்திலிருந்து, யார் ஏற்றினார்கள்?" என்ற கேள்விக்கு வரும் பதில் அந்தக் கதையை நிறுத்தும், அல்லது உடைக்கும். நாம் ஊகித்து இரண்டில் ஒன்றை எழுதிவிட முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளில் நாள் கணக்கு இருக்கிறது. இரண்டு கோடி ரூபாய்வரை உள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆகவே அறிவிப்புத் தேதியையும் முடிவுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கேள்வி தயாராகிவிடும்: காரணம் பதிந்த அந்தத் தாள் எங்கே? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பினாங்கில் 2015 முதல் நடப்பில் இருக்கும் தகவல் சுதந்திரச் சட்டம் அவ்வளவு தாராளம் இல்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும், சொன்னதற்கு மாறாகப் பயன்படுத்தினால் தண்டனையும் உண்டு. மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆனால் குத்தகை முடிவாகும் இடம் பெரும்பாலும் குழுக் கூட்டங்கள்.

சென்னை வழக்கின் காலவரிசையையும் நம் இளைஞர்கள் ஒருமுறை தாங்களே எழுதிப் பார்க்க வேண்டும். புகார் 2018இல். உயர் நீதிமன்றத் தலையீட்டில் நடந்த முதற்கட்ட விசாரணை குற்றம் எதுவும் தென்படவில்லை என்று முடித்தது. 2020இல் அன்றைய அரசு அதை ஏற்றுக்கொண்டது. 2021 மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் முன்னாள் அமைச்சர் எஸ்.பி. வேலுமணி உள்ளிட்டோர்மீது முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. சென்னையில் 464.02 கோடி, கோவையில் 346.81 கோடி ரூபாய் மதிப்புள்ள டெண்டர்கள் அதில் சொல்லப்பட்டன. அரசியல் பழிவாங்கல் என்றது அவர் தரப்பு. 2022 நவம்பர் 30 அன்று அவரைப் பொறுத்தவரை அந்த அறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஒரே ஆவணங்களை இரண்டு ஆட்சிகள் இரண்டு விதமாக வாசித்தன. ஆவணம் தானாகப் பேசும் என்று நம்புகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? 2021 ஆகஸ்டில் "நிரூபணமானது" என்று எழுதிய எத்தனையோ பதிவுகளில் 2022 நவம்பர் வரிசை இன்றுவரை சேரவில்லை. முதல் தகவல் அறிக்கை விசாரணையின் தொடக்கம், தீர்ப்பு அல்ல. டெண்டரில் முறைகேடு இருந்ததா என்பது ஒரு கேள்வி, அதில் இன்னாருக்குப் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி. காலவரிசையில் "யார் கையெழுத்து" என்று ஒரு கட்டம் வைக்கச் சொன்னது இதனால்தான். கையெழுத்து எந்தப் பதவியோடு நிற்கிறதோ, நம் வாக்கியமும் அங்கே நிற்க வேண்டும். அதற்கு மேலே போக வேறு ஆவணம் வேண்டும்.

சட்டத்தையும் கொஞ்சம் பேசிவிடலாம். 1999இல் இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் வழக்கில் பொறுப்பான வெளியீட்டுக்கு நீதிபதிகள் பத்து அளவுகோல்களைச் சொன்னார்கள். எதிர்தரப்பிடம் கருத்துக் கேட்டாயா என்பது ஒன்று, அவர் சொன்னதன் சாரத்தை வெளியிட்டாயா என்பது இன்னொன்று. பத்திரிகையாளர் அல்லாதவர்களும் இந்த எதிர்வாதத்தை எடுக்கலாம் என்று 2015இல் டோனி புவா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அதாவது எனக்கும் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் இலவசம் அல்ல. ராவுப் தங்கச் சுரங்க நிறுவனம் தொடுத்த வழக்கில், மக்கள் சொன்னதை நடுநிலையாகப் பதிவுசெய்தோம் என்ற மலேசியாகினியின் வாதம் 2021 ஜூலையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. கட்ட வேண்டியிருந்தது 550,000 ரிங்கிட். நமக்கு யார் திரட்டுவார்கள்?

"உஷாராயிடுவாங்க" என்ற பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கோப்பு மறையலாம், தடையாணை வரலாம். அதற்கு மருந்து கேட்காமல் இருப்பது அல்ல, கடைசியில் கேட்பது. பொதுவில் கிடைப்பதெல்லாம் கைக்கு வந்து, நகல் இரண்டு இடத்தில் சேர்ந்த பிறகு கேட்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் தாள் கொடுத்திருந்தால் அந்தத் தாளின் படத்தை எதிர்தரப்புக்கு அனுப்பவே கூடாது. அச்செழுத்தின் ஒரு கறையை வைத்தே எந்த நகல் என்று கண்டுபிடிப்பார்கள். 2010ஆம் ஆண்டு தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்க நிறுவனத்திடம் சொன்னவரைத்தான் காக்கும். நம்மிடம் சொன்னவரைக் காக்காது.

கேள்விக் கடிதமும் ஒரு கலைதான். "உங்கள்மீது ஊழல் புகார் உள்ளது, கருத்து?" என்று கேட்பது கேள்வியே அல்ல, வலை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மார்ச் 4 தேதியிட்ட வேலை ஆணையில் உங்கள் கையெழுத்து உள்ளது. விலை கேட்பு மார்ச் 8 அன்றுதான் முடிகிறது. இரண்டு தேதிகளும் சரியா? சரி என்றால், முடிவதற்கு முன் ஆணை வழங்கப்பட்டது எப்படி?" நாம் அச்சிடப்போகும் ஒவ்வொரு குற்றச்சாட்டும் கடிதத்தில் இருக்க வேண்டும், கடிதத்தில் இல்லாதது கட்டுரையில் வரக் கூடாது. பழைய கோப்பைத் தேட வேண்டிய கேள்விக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டுத் திங்கள் காலை "பதிலளிக்க மறுத்தார்" என்று எழுதுவது அயோக்கியத்தனம்.

பதில் வந்தால் அதைக் கட்டுரையின் வால்நுனியில் தொங்கவிடாமல், குற்றச்சாட்டு வரும் அதே பத்தியில் வைக்க வேண்டும். வேலை ஆணையில் தேதி தட்டச்சுப் பிழை என்று சொன்னால், அதற்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் உள்ள ஆணைகளின் தேதியைக் கேட்கலாம். எண் வரிசையே பொய்யைக் காட்டிக்கொடுக்கும், அல்லது அவர் சொன்னது சரி என்று நிறுவும். பதில் வராவிட்டால் எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எத்தனை முறை அனுப்பினோம் என்று எழுதினால் போதும், "மௌனம் சாதிக்கிறார்" என்ற அலங்காரம் வேண்டாம். ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதே பக்கத்தில், தேதி போட்டுச் சேர்த்துவிட வேண்டும்.