0.97: எதில் எவ்வளவு பங்கு?

அயனிகளைக் கடத்தும் பாலிமர் படலங்களைப் பற்றி வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் ஓர் அட்டவணை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. முதல் நிரலில் உப்பின் விகிதம், அடுத்ததில் கடத்துத்திறன், அதற்கடுத்து 'பெயர்ச்சி எண் 0.97'. அதன் வலப்பக்கத்தில் நேரயனியின் இயங்குதிறன், எதிரயனியின் இயங்குதிறன், இரண்டின் விரவல் குணகங்கள் என நான்கு நிரல்கள். முதலாவது இரண்டாவதைப் போல ஏறத்தாழ 32 மடங்கு. உப்பு லித்தியம் பெர்குளோரேட்டாக இருந்தாலும் அம்மோனியம் தயோசயனேட்டாக இருந்தாலும், பாலிமர் பிவிஏவாக இருந்தாலும் பெக்டினாக இருந்தாலும் இந்த 32 பெரிதாக மாறுவதில்லை. இயற்கை இத்தனை ஒழுங்காக நடந்துகொள்ளும்போது ஆய்வாளருக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை, அட்டவணை ஒரு கட்டுரையிலிருந்து அடுத்த கட்டுரைக்குப் படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த 0.97 எப்படிக் கிடைக்கிறது? படலத்தை இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்து, 1.5 வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் கொடுத்து, மின்னோட்டம் குறைவதைப் பதிவு செய்கிறார்கள். தொடக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர், சில மணி நேரம் கழித்து 0.3 என்று வைத்துக்கொள்வோம். குறைந்துபோன 9.7-ஐ 10-ஆல் வகுத்தால் 0.97.

இந்தச் சோதனையில் நடப்பது எளிமையானது. எஃகு எந்த அயனியையும் வாங்கிக்கொள்வதில்லை, கொடுப்பதுமில்லை. நேரயனிகள் ஒரு தகட்டருகிலும் எதிரயனிகள் மற்றொன்றின் அருகிலும் குவிகின்றன. அயனிகளின் ஓட்டம் நின்றுவிடுகிறது. எஞ்சும் சிற்றோட்டம் எலக்ட்ரான்களுடையது. ஆகவே 0.97 என்பது நேரயனியும் எதிரயனியும் சேர்ந்து சுமந்த பங்கு, 0.03 என்பது எலக்ட்ரானின் பங்கு. நேரயனி சிறிதும் நகராமல் எதிரயனி மட்டுமே ஓடினாலும் இச்சோதனை இதே 0.97-ஐத்தான் தரும். படலம் மின்கலத்திற்குள் குறுக்குச் சுற்றை ஏற்படுத்தாது என்பதை அது காட்டுகிறது. அது பயனுள்ள செய்திதான். ஆனால் எந்த அயனி எவ்வளவு சுமந்தது என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

பிழை அடுத்த வரியில் நிகழ்கிறது. அயனிகளின் மொத்தப் பங்கான 0.97, நேரயனியின் பங்காக உட்கார வைக்கப்படுகிறது, எலக்ட்ரானுக்குரிய 0.03 எதிரயனிக்குக் கொடுக்கப்படுகிறது. 0.97-ஐ 0.03-ஆல் வகுத்தால் 32. அட்டவணையின் மாறாத மடங்கு வந்த வழி இதுதான். குறியீடும் இதற்குத் துணைபோகிறது: இரண்டிற்கும் t என்ற ஒரே எழுத்து, இரண்டிலும் கூட்டுத்தொகை 1. ஆனால் ஒன்றில் அயனியும் எலக்ட்ரானும் சேர்ந்து 1; மற்றொன்றில் நேரயனியும் எதிரயனியும் சேர்ந்து 1. வெவ்வேறு இரண்டு முழுமைகளின் பங்குகளை ஒரே சமன்பாட்டில் இட்டால் கிடைப்பது எண்தான், அளவீடு அல்ல.

பெயர்ச்சி எண்ணின் பொருளை நீர்க்கரைசலில் பார்த்தால் தெளிவாகும். 25 டிகிரி செல்சியஸில், அளவிலா நீர்த்தலில், குளோரைடின் மோலார் கடத்துத்திறன் 76.3 S cm² mol⁻¹; சோடியத்தினுடையது 50.1, ஹைட்ரஜன் அயனியினுடையது 349.8. இவை ஒவ்வொன்றும் அந்தந்த அயனியின் இயங்குதிறனை ஃபாரடே மாறிலியால் பெருக்கியவை. சோடியம் குளோரைடில் குளோரைடு சுமக்கும் பங்கு 76.3-ஐ 126.4-ஆல் வகுத்தது, அதாவது 0.60. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே குளோரைடின் பங்கு 0.18. குளோரைடு எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதன் வேகம் இரண்டிலும் ஒன்றே. உடன் ஓடும் அயனி மாறியதால் பங்கு மாறியது. பெயர்ச்சி எண் தனி அயனியின் பண்பன்று, அந்த மின்பகுளியில் அந்த அயனிக்குக் கிடைக்கும் பங்கு. 'லித்தியத்தின் பெயர்ச்சி எண்' என்று உப்பையும் ஊடகத்தையும் சொல்லாமல் எழுதுவதே பாதிப் பிழை.

கடத்துத்திறன் மானி தருவது கூட்டுத்தொகையை மட்டுமே. 126.4 என்று அது சொல்லும். அதில் 50 எது, 76 எது என்று சொல்லாது. அயனிகள் தனித்தனியே தத்தம் பங்கை அளிக்கின்றன என்ற கோல்ராஷின் விதியும் கூட்டலைத்தான் நியாயப்படுத்துகிறது, பிரித்துக் கொடுப்பதில்லை. பிரிப்பதற்கு வேறொரு சோதனை வேண்டும். அதை 1853 முதல் ஹிட்டார்ஃப் செய்து காட்டினார். வெள்ளி மின்வாய்களுக்கிடையே வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு மில்லிமோல் எலக்ட்ரான் அளவு மின்னூட்டம் செலுத்தினால், நேர்மின்வாயிலிருந்து ஒரு மில்லிமோல் வெள்ளி கரைந்து வருகிறது. அந்தப் பகுதியைத் தனியே எடுத்து, அதே எடை நீருக்கு எவ்வளவு வெள்ளி கூடியுள்ளது என்று தரம்பார்த்தால் 0.53 மில்லிமோல்தான் கூடியிருக்கும். மீதி 0.47 எதிர்மின்வாயை நோக்கிப் பெயர்ந்துவிட்டது. அதுவே வெள்ளியின் பெயர்ச்சி எண். நடுப்பகுதியின் செறிவு மாறியிருந்தால் முழுச் சோதனையையும் தூக்கி எறிய வேண்டும், ஏனெனில் கரைசல் கலங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. இப்போது இதைச் செய்து பார்த்த முதுகலை மாணவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சூத்திரத்தில் எண்ணை இடும் கணக்கு மட்டும் தேர்வில் தவறாமல் வருகிறது.

லித்தியம் உப்புள்ள படலத்திற்கு, எவன்ஸ், வின்சென்ட், புரூஸ் மூவரும் 1987-இல் வெளியிட்ட முறை உண்டு. எஃகுக்குப் பதிலாக இருபுறமும் லித்தியம் உலோகம். லித்தியம் அயனிக்கு இப்போது வாயில் திறந்திருக்கிறது. எதிரயனிக்கு மட்டும் மூடியிருக்கிறது. எனவே மின்னோட்டம் குறைந்து ஒரு மதிப்பில் நிலைக்கிறது. மின்வாய்ப் பரப்பில் படியும் அடுக்கின் தடையைக் கழிக்கும் சூத்திரம் இது:

t₊ = Iₛ(ΔV − I₀R₀) / I₀(ΔV − IₛRₛ)

கணக்கிற்காக ஒரு கலத்தை எடுத்துக்கொள்ளலாம். கொடுத்த அழுத்தம் 10 மில்லிவோல்ட். தொடக்க மின்னோட்டம் 20, நிலைத்த மின்னோட்டம் 8 மைக்ரோ ஆம்பியர். பரப்பின் தடை முதலில் 200, இறுதியில் 220 ஓம். விடை 0.29. தடையைக் கழிக்காமல் 8-ஐ 20-ஆல் வகுத்தால் 0.40. தொடக்க மின்னோட்டம் விரைந்து விழும். கருவி தாமதமாகப் படித்து 15 என்று பதிந்திருந்தால், கழித்தும்கூட 0.45, கழிக்காமல் 0.53. ஒரே கலம், நான்கு விடைகள். கவனக்குறைவு ஒவ்வொன்றும் எண்ணை உயர்த்துகிறது, கட்டுரைக்கு இனிமையான திசையில். பிழையைக் கண்டுபிடிக்க வழி உண்டு: 10 மில்லிவோல்ட்டை 20 மைக்ரோ ஆம்பியரால் வகுத்தால் 500 ஓம், மாறுதிசை மின்னெதிர்ப்பு அளவீட்டில் படலத்தின் தடையும் பரப்பின் தடையும் சேர்ந்து அதே 500 வர வேண்டும். வராவிட்டால் தொடக்க மின்னோட்டம் தவறவிடப்பட்டது.

இப்போது அட்டவணைக்குத் திரும்பலாம். படலத்தின் கடத்துத்திறன் 10⁻⁴ S cm⁻¹, உப்பின் செறிவு லிட்டருக்கு ஒரு மோல் என்றால், இரு இயங்குதிறன்களின் கூட்டுத்தொகை 1.04 × 10⁻⁶ cm² V⁻¹ s⁻¹. இதை 0.97-ஆல் பிரித்தால் லித்தியத்திற்கு 1.01, எதிரயனிக்கு 0.03. மேற்கண்ட 0.29-ஆல் பிரித்தால் லித்தியத்திற்கு 0.30, எதிரயனிக்கு 0.74. வரிசையே தலைகீழாகிவிட்டது. அதுவும் உப்பு முழுவதும் பிரிகையடைந்தது என்ற கருதுகோளின் மேல் நிற்கிறது. பாதி இணைகளாகக் கட்டுண்டிருந்தால் கூட்டுத்தொகையே இரட்டிக்கும்.

இது காகிதத்தோடு முடிவதன்று. எதிரயனி பெரும்பங்கைச் சுமக்கும் படலத்தில் ஒரு மின்வாயருகே உப்பு வற்றுகிறது, மற்றதில் குவிகிறது. மின்னோட்டத்தை உயர்த்த முயலும்போது கலம் திணறுகிறது. 0.97 என்று நம்பும் மாணவர் இந்தச் சிக்கலைத் தேடவே மாட்டார். கலம் தோற்றால் மின்வாயைக் குறை சொல்வார். எதிரயனியைப் பாலிமர்ச் சங்கிலியில் கட்டிவைக்கும் வேதியியலை அவர் தொடவே மாட்டார், அது ஏற்கெனவே அசையாமல் இருப்பதாக அட்டவணை சொல்வதால்.

லித்தியக் கலத்தின் எண்ணும் இறுதிச் சொல் அன்று. அயனிகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாத நீர்த்த கரைசலில்தான் அது உண்மையான பெயர்ச்சி எண். செறிந்த ஊடகத்தில் நிலைத்த மின்னோட்டத்தின் விகிதம் என்று மட்டுமே அழைக்கத்தக்கது. செறிந்த காட்மியம் அயோடைடு கரைசலில் அயோடைடின் பங்கு ஒன்றைத் தாண்டுவதையும், காட்மியத்தினுடையது எதிர்க்குறி பெறுவதையும் ஹிட்டார்ஃபே கண்டார். காட்மியம் அயோடைடுகளோடு கூடி எதிர்மின் சேர்மமாகத் தவறான திசையில் நகர்வதே காரணம். பால்சாராவும் நியூமனும் உள்ளிட்ட குழு 2017-இல் பாலிஎத்திலீன் ஆக்சைடில் லித்தியத்திற்கும் குறிப்பிட்ட செறிவுகளில் எதிர்க்குறி எண்ணைப் பெற்றது. நிலைத்த மின்னோட்ட முறையோ எப்போதும் நேர்க்குறி எண்ணையே தரும்.

'எல்லோரும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள், மதிப்பீட்டாளர்களும் கேட்பதில்லை' என்பது வழக்கமான விடை. மேற்கோள்களின் எண்ணிக்கை 0.03-ஐ எதிரயனிக்குச் சொந்தமாக்கிவிடாது. சற்றே மதிக்கத்தக்க மறுப்பு அம்மோனியம் உப்புகளில் பணிபுரிவோருடையது: புரோட்டானுக்கு லித்தியத் தகடு போன்ற எளிய மின்வாய் இல்லை. உண்மைதான். அப்போது கடத்துத்திறனையும், எலக்ட்ரானின் பங்கு 0.03-க்கு மிகாது என்பதையும் எழுதலாம்; நேரயனி, எதிரயனி என்று தலைப்பிட்ட நான்கு நிரல்களையும் காலியாக விடலாம்.