புழுதிப் புயலைச் சொல்லால் எழுப்புதல்

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ‘பாலைவனப் புழுதிப் புயல்’ என்று மட்டும் எழுதிப் படம் கேட்டால், அது பெரும்பாலும் அடுப்புப் புகையைப் போன்ற ஒன்றையே தருகின்றது. மணற்காட்டுக் குன்றுகளில் மணல் பறப்பதைக் கண்ட நம் மாணவர்க்கு அதன் பொய்மை உடனே புலப்படும். மணல் கனத்தது, ஆளுயரத்துக்கு மேல் அதிகம் எழாது. வானளாவுவது மாவினும் நுண்ணிய புழுதியே.

புயலை வெளியே நின்று காண்பதும் அதனுள் அகப்படுவதும் வெவ்வேறு காட்சிகள். இரண்டையும் ஒருங்கே கேட்கலாகாது.

வெளிக்காட்சிக்கு உயிர் அளவே. 2011 யூலை 5இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரை மூடிய புழுதிச்சுவர் ஏறக்குறைய 1,500 மீற்றர் உயர்ந்தது. அத்தகைய சுவர் வினாடிக்கு 15 மீற்றர் விரைந்தாலும், தன் உயரமளவு தூரத்தைக் கடக்க 100 வினாடி செல்லும். எனவே ஐந்து வினாடிப் படத்தில் அது மெல்லவே நகரவேண்டும். வேகமாக உருண்டால் கைப்பிடித் தூசியாகத் தோன்றும். சுவரின் அடியில் எறும்பளவாக ஓர் ஒட்டகத்தை நிறுத்துதல் நன்று.

உட்காட்சியில் ‘மங்கல்’ என்ற சொல் போதாது; எது எத்தனை மீற்றரில் மறைகின்றது என்று கூறவேண்டும். துணிக்கும் புழுதிக்கும் காற்றின் திசை ஒன்றே. இவ்வாறு எழுதலாம்:

“காற்று இடமிருந்து வலமாக வீசுகின்றது. பத்து மீற்றரில் நிற்பவன் பழுப்பு நிழல். முப்பது மீற்றருக்கு அப்பால் எதுவுமில்லை. ஞாயிறு வெளிறியது, தரையில் நிழல் விழவில்லை. அவன் மேலாடை இடப்புறம் உடலோடு ஒட்டியுள்ளது. தோளில் முடிந்த தலைப்பு வலப்புறம் படபடக்கின்றது.”

வந்த படத்தில் முதலில் தலைப்பையும் புழுதியையும் ஒப்பிடுக. திசை மாறியிருந்தால் அந்தப் படத்தை விலக்கிவிடலாம்.