அந்த நாலாயிரம் எதற்கு?

"உங்கள் கணக்கில் பணம் வரும். நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நூற்றுக்கு இரண்டு ரூபாய் உங்களுக்கு." வாட்ஸ்அப்பில் இந்த அழைப்பு இப்போது நம் வயதுக்காரர்களுக்கும் வருகிறது. வெளிநாட்டுக் கம்பெனியாம், இங்கே கணக்கு திறக்கத் தாமதமாகிறதாம்.

வங்கி கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் நான். ஒன்று கேட்கிறேன். 2020 ஜனவரியிலிருந்து சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் அனுப்பக் கட்டணமே கிடையாது. நடுராத்திரியிலும் போகும். சும்மா நடக்கிற வேலைக்கு, இரண்டு லட்சத்துக்கு நாலாயிரம் ரூபாய் ஏன் தருகிறான்? உங்கள் பெயருக்கும் விலாசத்துக்கும் தருகிற வாடகை அது. போலீஸ் தேடி வரும்போது கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டுமே!

எங்கள் தெருவில் ஒரு பென்ஷன்தாரருக்கு நடந்தது இது. இரண்டு லட்சம் வந்தது. நாலாயிரத்தை வைத்துக்கொண்டு, பத்தே நிமிடத்தில் 1,96,000 ரூபாயை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. வங்கியில் விசாரித்தால், வெளிமாநிலப் போலீஸ் கணக்கை முடக்கியிருக்கிறது. வீடியோ காலில் போலீஸ் வேஷத்தில் மிரட்டி, அங்கே ஒரு வயதான அம்மாவிடம் பறித்த பணமாம். அந்த அம்மா 1930-க்குப் புகார் கொடுக்க, பணம் போன வழி தெரிந்தது. முதலில் இவர் கணக்கு, பிறகு நாலு கணக்கு, கடைசியில் ஏ.டி.எம்.மில் ரொக்கம். அந்த நாலும் வாடகைக் கணக்குகள். நிஜமான ஆதாரும் விலாசமும் பென்ஷனும் உள்ளவர் இவர் ஒருவர்தான்.

மாதாமாதம் பென்ஷன் வரவாகிறது, எடுக்க முடியவில்லை. கிளை மேனேஜராலும் ஒன்றும் செய்ய முடியாது. முடக்கிய போலீஸோ கோர்ட்டோ சொன்னால்தான் திறக்கும்.

"பாவம், அவரும் ஏமாந்தவர்தானே" என்கிறார்கள் வாக்கிங் நண்பர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த அம்மா இழந்தார். இவர் நாலாயிரம் வாங்கினார். இவர் கணக்குக் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் முதலில் எங்கே போய் இறங்கியிருக்கும்? "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவர் சொன்னாலும், கமிஷன் பேசிய வாட்ஸ்அப்பைத்தான் விசாரணையில் முதலில் நீட்டுகிறார்கள். உதவி என்றால் கமிஷன் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

இன்னொரு விதமும் உண்டு. கேட்காமலே உங்கள் கணக்கில் பணம் விழும். பிறகு ஒருவன், "தவறி வந்துவிட்டது, இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவான். அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், அவன் சொல்லும் நம்பருக்கும் அனுப்பாதீர்கள். கிளைக்குப் போய், வந்த தேதி, தொகை, யு.டி.ஆர். எண் எழுதிக் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். உண்மையில் தவறி வந்ததென்றால், அனுப்பியவர் தன் வங்கி மூலம் கேட்கட்டும். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் நாளை வரை காத்திருக்க வேண்டாம். இன்றே 1930-க்குப் பேசுங்கள், அந்த வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் வையுங்கள்.