ஐஸுக்கு ஏன் இறால் விலை?

உறைந்த இறாலைச் சுற்றி மெல்லிய ஐஸ் படை இருக்கத்தான் வேணும். இல்லாட்டி குளிர்பெட்டிக்குள் அது காய்ந்து வெளிறி, நாராகிவிடும். அதில் எங்களுக்கு வழக்கில்லை. அந்த ஐஸையும் இறால் விலைக்கு நிறுத்து விற்பதோடுதான் எங்கள் சண்டை.

போர்டிங்கில் காசு சேர்த்து 1500 ரூபாய்க்கு ஒரு பக்கெட் வாங்கினோம். நிறை 500 கிராம் என்றிருந்தது. பையைக் கழற்றி நிறுத்தோம், சரியாக 500. பிறகு வடியில் போட்டு, குளிர்ந்த பைப் தண்ணீரில் கையால் அளைந்தோம். வழுக்கும் ஐஸ் போய் இறாலின் மேல் விரலில் தட்டுப்பட்டதும் தண்ணீரை மூடவேணும், உள்ளே இறுகியே இருக்கவேணும். முழுக்க இளகவிட்டால் இறாலின் சொந்த நீரும் ஒழுகி, கணக்கு எங்களுக்கே பிழைத்துவிடும். இரண்டு நிமிஷம் வடியவிட்டு நிறுத்தோம்: 390 கிராம்.

110 கிராம் ஐஸ். அதற்கு மட்டும் 330 ரூபாய்! கிலோ 3000 என்று நினைத்து வாங்கிய இறால், உண்மையில் 3846.

"ஐஸ் இல்லாமல் எப்படி அனுப்புறது தம்பி?" என்றார் கடைக்காரர். அனுப்புங்கோ அண்ணை, நிறையை மட்டும் ஐஸைக் கழித்துப் போடுங்கோ. உறைந்த இறாலுக்கான கோடெக்ஸ் சர்வதேச நியமம் கேட்பதும் அதைத்தான்.

பக்கெட்டில் 'ஐஸ் நீங்கலாகத் தேறிய நிறை' என்று இருக்கா எண்டு பாருங்கோ. வெறும் 'நிறை' என்றிருந்தால் கேளுங்கோ. மீன் துண்டுக்கும் இதே சோதனைதான். ஆனால் உறைய வைக்கமுன் சதைக்குள் ஏற்றிய தண்ணீரை இந்தச் சோதனை காட்டாது.