பதினேழு துண்டு பை சார்ட்டை மடிச்சு வைங்க

2023 நியூசிலாந்து தேர்தலில் கட்சி வாக்குக்கு 17 கட்சிகள் போட்டியிட்டன. அந்த முடிவை ஒரே பை சார்ட்டில் போட்டுப் பாருங்க. நேஷனல் 38.1%, லேபர் 26.9%, கிரீன் 11.6%, இது வரைக்கும் பிரச்சினை இல்லை. அதுக்கப்புறம் ஆக்ட் 8.6, நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 6.1, தே பாத்தி மாவோரி 3.1, டாப் 2.2, நியூசிலாந்து லாயல் 1.2. மீதி ஒன்பது கட்சிக்கும் சேர்த்தே சுமார் 2%தான்.

எல்லர்ஸ்லி ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கிறப்ப போன்ல பாக்கிறீங்கன்னு வைங்க. வட்டத்தின் விட்டம் 5 செ.மீ. என்றால் சுற்றளவு 15.7 செ.மீ. அதில் 1.2% கட்சிக்குக் கிடைப்பது 2 மி.மீ.க்கும் குறைவு. அரை சதவீதக் கட்சி ஒரு மி.மீ. கூட வராது. அதுக்குப் பெயர் எழுத இடமில்லை, அதனால கோடு இழுத்து வெளியே எழுதுவாங்க, இல்லைன்னா 17 நிறத்தில் ஒரு பட்டியல் வைப்பாங்க. வெளிர் ஊதா எது, கொஞ்சம் கருத்த ஊதா எதுன்னு கண்ணு அலைய வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய குறை வேற. இந்தத் தேர்தலில் முக்கியமான எண் 5%. அதைத் தாண்டினால், இல்லை ஒரு தொகுதியாவது ஜெயித்தால்தான் நாடாளுமன்றத்தில் பங்கு. பையில் 5% என்பது 18 டிகிரி. நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 22 டிகிரி. இந்த 4 டிகிரியை யார் கண்ணால் அளப்பார்? பையில் வரம்புக் கோடு போடவும் வழியில்லை, ஒவ்வொரு துண்டும் வேற வேற இடத்தில் தொடங்குது. கோணத்தைவிட, ஒரே அளவுகோலில் உள்ள இடத்தை மனிதர் துல்லியமாகக் கணிக்கிறார்கள் என்று கிளீவ்லண்டும் மெக்கில்லும் 1984-லேயே சோதித்துக் காட்டிட்டாங்க.

அதனால் படுத்த பார் சார்ட். பெரிசுல இருந்து சிறிசாக அடுக்கி:

```python
ax.barh(parties, votes)
ax.axvline(5, linestyle="--")
ax.invert_yaxis()
```

`invert_yaxis` இல்லைன்னா பெரியது அடியில் போயிரும். கோட்டுக்கு உள்ளேயே நிக்கிற தே பாத்தி மாவோரி எப்படி உள்ளே வந்ததுன்னு பார்த்ததுமே கேள்வி வரும். பதில்: ஆறு தொகுதி ஜெயிச்சாங்க. கடைசி ஒன்பதையும் "மற்றவை" என்று சாம்பல் நிறத்தில், அளவு எதுவானாலும் அடியில் வைங்க. அவங்களைத்தான் தனித்தனியா பார்க்கணும்னா சார்ட்டே வேண்டாம், ஒரு அட்டவணை போதும். பாரிலும் அரை சதவீதம் வெறும் கீற்றுதான்.

பையை நான் முழுசா ஒதுக்கலை. நேஷனல், ஆக்ட், ஃபர்ஸ்ட் மூணும் சேர்ந்து பாதியைத் தாண்டுதான்னு காட்ட ரெண்டு துண்டு பை நல்லாவே வேலை செய்யும், 52.8% நேராகத் தெரியும்.

ஆனா சென்சஸ் மொழிக் கணக்குக்கு அதுவும் ஆகாது. அங்கே ஒருத்தர் பல மொழி சொல்லலாம். வீட்டில் தமிழும் வெளியே இங்கிலீஷும் பேசுற நீங்க ரெண்டு மொழியிலும் எண்ணப்படுவீங்க. கூட்டினால் 100-ஐத் தாண்டும், அதை வட்டத்துக்குள் அடக்கினால் எல்லா சதவீதமும் பொய்யாகும். அதுக்கு பார் மட்டும்தான்.