அனாமத்தில் நிற்கும் பணம்

"எங்கள் சங்கத்தில் அனாமத்து இனமே கிடையாது" என்று பெருமிதத்துடன் பேரேட்டை என் முன் வைக்கும் காரியதரிசிகள் பலர் உண்டு. அந்தப் பெருமிதம் எனக்கு மகிழ்ச்சியை அளிப்பதில்லை. சற்று அச்சத்தையே அளிக்கிறது. யார் அனுப்பியது என்று தெரியாத பணம் ஒரு முறையேனும் வங்கிக் கணக்கில் வந்து சேராத சங்கம் இன்று அரிது. அப்படியிருக்க, அனாமத்துக் கணக்கு வெறுமையாக இருக்குமானால் அந்தப் பணம் எங்கே போயிற்று? பெரும்பாலும், ஊகத்தின் பேரில் யாரோ ஒருவருடைய பாக்கியில் வரவு வைக்கப்பட்டிருக்கும்.

முன்னாளில் வியாபாரி சங்கத்திற்கு நேரில் வந்து ரொக்கமோ செக்கோ கொடுத்து ரசீது பெற்றுச் செல்வார். பணத்தோடு ஆளும் வந்தார். இன்று பணம் மட்டும் வருகிறது. 2019 டிசம்பர் முதல் நெப்ட் முறையில் வருடத்தின் எல்லா நாட்களிலும், இரவு பகல் எந்நேரமும் பணம் அனுப்பலாம். ஞாயிறு இரவில் அனுப்பிய தொகை திங்கட்கிழமை காலையில் வங்கிக் கணக்கு அறிக்கையில் ஒரு வரியாக நிற்கிறது: தேதி, தொகை, ஒரு நீண்ட எண், நாம் கேட்டறியாத ஒரு பெயர்.

நான் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில் இவ்வாறு ரூ. 38,640 வந்திருந்தது. பாக்கிப் பட்டியலில் அந்தத் தொகை எவர் பெயரிலும் இல்லை. ஆயினும் ஒரு வியாபாரி ரூ. 38,850 தரவேண்டியிருந்தது. வித்தியாசம் ரூ. 210 மட்டுமே. "வண்டிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார்" என்று காரியதரிசி தாமே ஒரு காரணம் கற்பித்து, ரூ. 38,640-ஐ அவர் கணக்கில் வரவு வைத்தார், ரூ. 210-ஐத் தள்ளுபடியும் செய்துவிட்டார். பாக்கி தீர்ந்ததாகத் தோன்றியதால் அந்த வியாபாரிக்கு மறுபடியும் கடனில் சேலைகள் அனுப்பப்பட்டன.

உண்மையில் பணம் அனுப்பியவர் வேறொருவர். அவர் பெயரில் ரூ. 25,200-க்கும் ரூ. 16,590-க்கும் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஆக மொத்தம் ரூ. 41,790. வரி உட்பட ரூ. 1,050 விலையுள்ள மூன்று சேலைகளைக் கறை காரணமாக அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்கான ரூ. 3,150-ஐக் கழித்துக்கொண்டு மீதி ரூ. 38,640-ஐத் தம் மகனுடைய வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினார். திரும்பி வந்த சேலைகளைச் சங்கம் சரக்கிருப்பில் எழுதியது. அவருடைய கணக்கில் கழிக்க மறந்தது. ஆகவே தொகையும் பொருந்தவில்லை, பெயரும் பொருந்தவில்லை. ஒழுங்காகப் பணம் செலுத்திய அவருக்கு, செலுத்தவில்லை என்று இரண்டு நினைவுக் கடிதங்கள் போயின. மூன்றாம் மாதம் அவர் வங்கிச் சான்றுடன் நேரில் வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதன்பின் அவர் சரக்கு வாங்குவதை நிறுத்திக்கொண்டார். முதல் வியாபாரியோ, "என் பாக்கி தீர்ந்ததென்று உங்கள் புத்தகமே சொல்கிறதே" என்று வாதாடினார். இந்த இழுபறியில் முடங்கிய பணம் அங்கத்தினர்களுக்குக் கூலியாகப் போயிருக்க வேண்டிய பணம்.

அனாமத்துக் கணக்கு என்பது இத்தகைய ஊகத்திற்கு இடங்கொடாமல் இருப்பதற்கே ஏற்பட்டது. பணம் வங்கிக்கு வந்தது உண்மை. ஆகவே வங்கிக் கணக்கில் அதைப் பற்று எழுத வேண்டும். யாருடையது என்று தெரியாததும் உண்மை. ஆகவே எதிர்ப்பதிவு அனாமத்தில் வரவாக நிற்க வேண்டும். "தெரிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால் நம் புத்தக இருப்பும் வங்கி இருப்பும் மாதந்தோறும் மாறுபட்டு நிற்கும். விற்பனை வருமானமாக எழுதுவதோ அதனினும் பிழை. பட்டியல் போட்ட அன்றே அது விற்பனையில் சேர்ந்துவிட்டது. மறுபடி சேர்த்தால் ஒரே சேலையை இருமுறை விற்றதாகும். எவருடையது என்று தெரியும் வரை அப்பணம் சங்கத்தின் பொறுப்பேயன்றி வருமானமன்று. ஐந்தொகையிலும் அது பொறுப்புப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு தொகையும் தேதியுடனும் எண்ணுடனும் தனி வரியாக இருத்தல் அவசியம். பல தொகைகளை ஒன்றாகக் கூட்டி எழுதினால் பின்னர் எதையும் பிரித்தறிய இயலாது.

அடுத்தது தேடுதல். அறிக்கையில் காணும் நீண்ட எண்ணே முதல் தடயம். நெப்ட் மூலம் வந்த பணமானால், அந்த எண்ணின் தொடக்கத்திலுள்ள நான்கு எழுத்துக்கள் பெரும்பாலும் அனுப்பிய வங்கியைக் காட்டும். ரொக்கமாகக் கட்டியிருந்தால் எந்தக் கிளையில் கட்டப்பட்டது என்று நம் வங்கியில் விசாரித்து, கட்டுச் சீட்டைப் பார்க்கக் கோரலாம். பெயர் புதிதாயினும், நம் வியாபாரிகளில் எவருக்கேனும் உறவினரோ பங்காளியோ என்று விற்பனைப் பிரிவில் கேட்க வேண்டும். தொகை பொருந்தாவிடில், திரும்பிய சரக்கு, கழிவு, முன்பணம் ஆகியவற்றை நாமே எழுதத் தவறினோமா என்றும் பார்க்க வேண்டும். மேற்கூறிய சங்கத்தில் சரக்கிருப்புப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால், மூன்று சேலைகளும் அரை மணியில் விடை சொல்லியிருக்கும்.

பின்னர் பாக்கிதாரர்களுக்கு எழுத வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: "ரூ. 38,640 அனுப்பியது தாங்களா?" என்று கேட்கலாகாது. தொகையைச் சொல்லிவிட்டால் அது தம்முடையதென்று பிறரும் உரிமை கொண்டாட இடமுண்டு. "இம்மாதம் பணம் அனுப்பியிருந்தால் தேதி, தொகை, எண் ஆகியவற்றைத் தெரிவியுங்கள்" என்று மட்டும் கேட்க வேண்டும். அவர் சொல்லும் மூன்றும் அறிக்கையோடு பொருந்தினால் மாற்றுச் சீட்டு எழுதி, சான்றை இணைத்து, அனாமத்திலிருந்து அவர் கணக்கிற்கு மாற்றி ரசீது அனுப்பலாம்.

"தவறி உங்கள் கணக்கிற்கு அனுப்பிவிட்டேன், வேறு கணக்கிற்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் ஒருவர் கேட்கக்கூடும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பணம் பிறர் கணக்கிற்குப் போவது நடக்கக் கூடியதே. ஆனால் அவ்வாறு திருப்ப நேர்ந்தால், எழுத்து மூலமான கோரிக்கை பெற்று, நம் வங்கியின் வழியே, பணம் புறப்பட்ட அதே கணக்கிற்குத்தான் அனுப்ப வேண்டும்.

அனாமத்துக் கணக்கு சோம்பலுக்கு மறைவிடம் ஆகிவிடும் என்று தணிக்கையாளர்கள் கூறுவர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத இனங்களை நானே கண்டிருக்கிறேன். அதற்குப் பரிகாரம் ஊகித்துக் காலி செய்வதன்று. ஆண்டு முடிவில் இலாபத்தில் சேர்ப்பதுமன்று. ஒவ்வொரு மாதமும் அனாமத்துப் பட்டியலை நிர்வாகக் குழுவின் முன் வைத்து, எந்த இனம் எத்தனை நாளாக நிற்கிறது, யாருக்கு எழுதப்பட்டது, என்ன பதில் வந்தது என்று காட்ட வேண்டும். அங்கத்தினர்களும் மகாசபையில் அனாமத்து எவ்வளவு என்று மட்டும் கேளாமல், அதில் மிகப் பழைய இனம் எது என்று கேட்பார்களாக. அந்த ஒரு கேள்விக்குக் காரியதரிசி தயங்காமல் விடை சொல்வாராயின், அச்சங்கத்தின் அனாமத்தைப் பற்றி நான் கவலைகொள்ள மாட்டேன்.