உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமா?

சென்னையிலிருந்து லண்டனுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த சின்ன டிரான்ஸ்மிட்டரை அண்ணன் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். தீப்பெட்டியைவிடச் சிறியது. அதன் ஒரு முனையை விமான இருக்கையின் ஹெட்ஃபோன் ஜாக்கில் செருகினால், இருக்கைத் திரையில் ஓடும் படத்தின் ஒலியை ப்ளூடூத் வழியாக நம் இயர்பட்ஸுக்கு அனுப்பும்.

"தண்டச் செலவுடா தம்பி. ஃப்ளைட்ல ப்ளூடூத்தே போடக் கூடாது. போட்டாலும் உதடு முதல்ல அசையும், குரல் அப்புறம் வரும். வயருக்கு இருக்கிற தெளிவும் இருக்காது. அவங்க குடுக்கிற ஹெட்ஃபோன்லயே கேட்டுட்டுப் போ."

அண்ணன் மட்டுமல்ல, விமானம் ஏறிப் பழகியவர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். மூன்றில் ஒன்றில்தான் பாதி உண்மை இருக்கிறது.

முதலாவது காலாவதியான பேச்சு. 2013 அக்டோபரிலேயே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., போனின் செல்லுலார் இணைப்பை அணைத்துவிட்டு ப்ளூடூத் போன்ற குறுந்தொலைவுக் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று வழிவிட்டுவிட்டது. புதிய விமானங்கள் சிலவற்றில் இருக்கைத் திரையிலேயே ப்ளூடூத் இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் காதிலிருந்து கழற்றச் சொன்னால் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. தாமதம் உண்டு. ஆனால் அதே இயர்பட்ஸில் போனில் படம் பார்க்கும்போது அது ஏன் தெரிவதில்லை? காதுக்குப் போய்ச் சேர ஒலிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது போனுக்குத் தெரியும். அந்த அளவுக்குப் படத்தையும் பிடித்து வைத்து, இரண்டையும் சேர்த்து விடுகிறது. இருக்கைத் திரைக்கு அந்தச் சேதி போவதில்லை. அதைப் பொறுத்தவரை ஜாக்கில் யாரோ ஒரு வயரைச் செருகியிருக்கிறார்கள். டிரான்ஸ்மிட்டர் அந்த ஒலியை வாங்கிச் சுருக்கி அனுப்ப, இயர்பட்ஸ் அதைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு விரித்துத் தர, அதற்குள் படம் முன்னே போய்விடுகிறது.

எல்லா ப்ளூடூத் ஒலிக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. என்ற சுருக்கமுறையில் இந்தத் தாமதம் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி நொடி வரை இருக்கும். ஒளிபரப்புக்காரர்களுக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த கணக்குப்படி, குரல் 125 மில்லி நொடி பிந்தினால் கண் கண்டுபிடிக்கத் தொடங்கும். 185ஐத் தாண்டினால் பொறுக்காது. குரல் முந்தினாலோ 45 மில்லி நொடியிலேயே உறுத்தும். பிந்துவதற்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? தூரத்து ஒலி தாமதமாக வருவது நமக்குப் பிறவியிலிருந்தே பழக்கம். அறுபது மீட்டர் தள்ளி ஒருவர் கல்லில் துணி அடித்துத் துவைத்தால், அந்தச் சத்தம் ஏறக்குறைய 175 மில்லி நொடி கழித்துத்தான் நம் காதுக்கு வருகிறது. ஆற்றங்கரையில் நின்று யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

ஆகவே விளிம்பில் நிற்கிற விவகாரம் இது. முகத்தை நெருக்கத்தில் காட்டும் வசனக் காட்சியில் உறுத்தலாம். சண்டைக் காட்சியிலோ, கார்ட்டூனிலோ, கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்கும் கொரியப் படத்திலோ உறுத்தாது. தமிழில் டப் செய்த படத்தில் உதட்டுக்கும் குரலுக்கும் ஆதியிலிருந்தே உறவு கிடையாது. பாட்டு கேட்பவருக்கு இந்தக் கவலையே இல்லை.

இங்கே எதிர்முனையிலும் ஒரு பொய்ப் பேச்சு உலவுகிறது: 'லோ லேட்டன்சி' என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்கினால் தாமதம் போய்விடும் என்று. ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறை தாமதத்தை 40 மில்லி நொடி அளவுக்குக் குறைக்கும் என்பது மெய்தான். ஆனால் இரு முனையும் அதைப் பேச வேண்டும். ஏர்பாட்ஸுக்கோ சாம்சங் கேலக்ஸி பட்ஸுக்கோ அந்த மொழி தெரியாது. டிரான்ஸ்மிட்டர் அவற்றோடு பழைய எஸ்.பி.சி.க்கே இறங்கி வரும். அந்த இயர்பட்ஸ் வைத்திருப்பவர் அந்த எழுத்துக்காக அதிகப் பணம் கொடுப்பதைத்தான் நான் தண்டச் செலவு என்பேன்.

கண்ணுக்கு உறுத்துமா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கில் டிரான்ஸ்மிட்டரைச் செருகுங்கள். லேப்டாப்பும் வயர் என்றே நம்பும், அதாவது விமான இருக்கையின் நிலைதான். மிருதங்கக் கச்சேரி வீடியோ ஒன்றைப் போட்டு, கை தோலில் விழுவதையும் அடி காதில் விழுவதையும் கவனியுங்கள். அண்ணனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். "லேசாத்தான் தள்ளி வருது," என்றார். செய்தி வாசிப்பவர் முகத்தைப் போட்டதும், "இப்ப தெரியுதுடா," என்றார். இரண்டும் சரி.

மூன்றாவது, தெளிவு. அமைதியான அறையில் நல்ல ஹெட்ஃபோனோடு வைத்துப் பார்த்தால் வயர்தான் ஜெயிக்கும். ஆனால் பறக்கும் விமானத்துக்குள் இரைச்சல் சாதாரணமாகவே 80 டெசிபெலைத் தொடுகிறது. எகானமியில் தரும் மெல்லிய பஞ்சு ஹெட்ஃபோன் அதைத் துளியும் தடுக்காது. வசனம் கேட்க ஒலியை ஏற்றுகிறோம், காது வலிக்கிறது. இரைச்சலை அடக்கும் இயர்பட்ஸ் போட்டால் பாதி ஒலியிலேயே வசனம் புரிகிறது. சுருக்கத்தில் இழக்கிற நுணுக்கம் அந்த இரைச்சலுக்கு நடுவே எப்படியும் கேட்டிருக்காது.

ஒலி மட்டமாக இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் திரையின் ஒலியைத் தவறாக வைத்திருப்பார்கள். மிகக் குறைவாக வைத்தால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலே வரும், முழுக்க ஏற்றினால் கரகரக்கும். திரையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, இயர்பட்ஸில் வசதி இருந்தால் மீதியை அங்கே சரிசெய்வது என் வழக்கம். அறிவிப்பு வரும்போது மட்டும் எச்சரிக்கை: நாம் வைத்த அளவை மதிக்காமல் அது உரக்கப் பாயும்.

"எனக்கு இணையவே இல்லை" என்பவர்களும் உண்டு. அவர்கள் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் உறையைப் பிரித்திருப்பார்கள். டிரான்ஸ்மிட்டருக்குத் திரை கிடையாது, பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. அருகில் இணையக் காத்திருக்கும் எதையும் அது பிடித்துக்கொள்ளும். பக்கத்து இருக்கைக்காரருடைய காதாகவும் இருக்கலாம். வீட்டில் ஒருமுறை இணைத்துவிட்டால் பிறகு தானே தேடிக்கொள்ளும். பெட்டியின் பின்னால் பொத்தான் உள்ள ஏர்பாட்ஸ் என்றால், மூடியைத் திறந்து, வெள்ளை விளக்கு சிமிட்டும்வரை அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது போனின் ப்ளூடூத்தை அணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இயர்பட்ஸ் பழைய எஜமானிடமே ஓடிவிடும். அனுப்பவும் வாங்கவும் இரண்டுக்கும் ஒரே கருவி என்றால், சுவிட்ச் டி.எக்ஸ். பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே காதில் ஒலி வந்தால் பழியை ப்ளூடூத்தின்மேல் போட வேண்டாம். பழைய விமானங்களில் இரட்டைத் துளை ஜாக் இருக்கும், இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று. அதற்கு இரட்டை முள் அடாப்டர் தனியாக வேண்டும். ஒலி விட்டுவிட்டு வந்தால், டிரான்ஸ்மிட்டர் கைப்பிடியின் கீழே தொடையோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அந்த அலைவரிசையை உடம்பு விழுங்கிவிடும். சின்ன நீட்டிப்பு வயர் போட்டு மேலே எடுத்து வைத்தால் சரியாகிவிடும்.

அண்ணன் சொல்லாமல் விட்ட குறை ஒன்று உண்டு. லண்டனில் இறங்கியபோது இயர்பட்ஸைப் பத்திரமாகப் பெட்டிக்குள் போட்டு, பையை எடுத்து, வரிசையில் நின்று வெளியே வந்துவிட்டேன். டிரான்ஸ்மிட்டர் ஜாக்கிலேயே இருந்தது.